ஒரே சாலை, ஒரே கிடங்கு: இடைநிலையா, நடுப்புள்ளியா?

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள ஊர்களுக்கு ஐஸ் கொடுக்க ஒரு கிடங்கு போடுகிறோம் என்று வையுங்கள். ஒன்றுதான் போட முடியும். எங்கே போடுவது? யாரைக் கேட்டாலும் "ரெண்டு கோடிக்கும் நடுவுல போடுங்க" என்றுதான் முதலில் சொல்வார்கள். ஐஸ் கிடங்குக்கு அது தப்பான பதில். அதே சாலையில் அவசர ஊர்தி ஒன்றை நிறுத்த இடம் தேடினால் அதுவே சரியான பதில். இரண்டுக்கும் கணக்கு வேறு. எந்த வேலைக்கு எந்தக் கணக்கு, அதை ஒரு தாளில் எப்படிப் போடுவது என்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதல் படி: எதைக் குறைக்கப் போகிறோம்?

ஐஸ் கிடங்குக்குச் செலவு டீசலும் டிரைவர் சம்பளமும். குட்டியானை ஒரு நாளில் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதுதான் அங்கே கேள்வி. ஒரு ஊருக்கு நடை கொஞ்சம் நீண்டாலும், மற்ற ஊர்களுக்கு அதைவிட அதிகம் மிச்சமானால் முதலாளிக்கு லாபம். இது மொத்தத் தூரக் கணக்கு.

அவசர ஊர்தியை அப்படிப் பார்க்க முடியாது. கோடியில் இருக்கும் ஊருக்கு வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால், "மற்ற ஊர்களுக்கு நாலே நிமிஷம், சராசரி நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அந்த ஊர்க்காரரைச் சமாதானப்படுத்த முடியாது. அங்கே பார்க்க வேண்டியது மிகத் தொலைவில் இருப்பவருக்கு எவ்வளவு தூரம் என்பதை மட்டும். இது கடைசித் தூரக் கணக்கு.

இதை முடிவு செய்யாமல் வரைபடத்தைத் திறக்க வேண்டாம். ஊர்க்கூட்டத்தில் இடத்தைப் பற்றி நடக்கும் சண்டைகளில் பாதி, ஒருவர் ஒரு கணக்கையும் இன்னொருவர் மற்ற கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால்தான் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். வண்டி ஒரு ஊருக்குப் போய், இறக்கி, திரும்பி வந்து, மறுபடி ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறதா? அல்லது ஒரே வண்டி வரிசையாக எல்லா ஊரிலும் இறக்கிக்கொண்டே போய் வருகிறதா? இரண்டாவது வகை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையே இல்லை. இரண்டு கோடிகளுக்கும் இடையில் கிடங்கு எங்கே இருந்தாலும், ஒரு முழுச் சுற்று என்பது சாலை நீளத்தின் இரண்டு மடங்குதான். இடம் எங்கே மலிவோ அங்கே போடுங்கள். கீழே வருவதெல்லாம் தனித்தனி நடைகளுக்கு.

இரண்டாம் படி: சாலையை ஒரு கோடாக்குங்கள்

சாலை நேராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எவ்வளவு வளைந்தாலும் பரவாயில்லை. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக அந்த ஒரு வழிதான் நடைமுறையில் உண்டு என்றால் போதும். ராமநாதபுரம் கடற்கரையில் இது பல இடங்களில் பொருந்தும். ஒரு பக்கம் கடல், நடுவில் ஒரு சாலை, அவ்வளவுதான். மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து தனுஷ்கோடி, அரிச்சல்முனை என்று போகிற வழியையும் இப்படியே கோடாக வைத்துக்கொள்ளலாம். மாற்றுப்பாதை ஒன்று சுற்றி வந்து சேர்கிற இடத்தில்தான் இந்த முறை உதவாது.

வண்டி மீட்டரைப் பார்த்து ஒரு கோடியிலிருந்து ஒவ்வொரு ஊரும் எத்தனையாவது கிலோமீட்டர் என்று குறியுங்கள். பக்கத்திலேயே, அந்த ஊருக்கு ஒரு நாளில் எத்தனை நடை என்று எழுதுங்கள். கீழே உள்ள ஊர்களும் அவற்றின் வரிசையும் நிஜம். தூரங்களைக் கணக்குக்கு வசதியாகத் தோராயமான முழு எண்ணாக்கியிருக்கிறேன். நடைகள் உதாரணத்துக்காக நானே வைத்தவை.

- தொண்டி: 0 கி.மீ., 8 நடை
- நம்புதாளை: 3 கி.மீ., 4 நடை
- காரங்காடு விலக்கு: 14 கி.மீ., 1 நடை
- உப்பூர்: 20 கி.மீ., 1 நடை
- திருப்பாலைக்குடி: 26 கி.மீ., 2 நடை
- தேவிபட்டினம்: 34 கி.மீ., 3 நடை

நடைகளை எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிவிட்டு முடித்துவிடாதீர்கள். பாக் விரிகுடாப் பக்கம் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போகும் நாட்கள் வாரத்தில் பிரிக்கப்பட்டிருக்கின்றன. விசைப்படகு கிளம்பும் நாளில் மட்டும் எண்ணினால் பெரிய துறைகள் ஊதிப்போய்த் தெரியும். மறுநாள் எண்ணினால் சின்னக் குப்பங்கள். ஒரு முழு வாரத்தை எண்ணி ஏழால் வகுங்கள்.

மூன்றாம் படி: மொத்தத் தூரத்துக்கு இடைநிலை

எல்லா நடைகளையும் கூட்டுங்கள்: 19. அதில் பாதி 9½. இப்போது தொண்டியிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். தொண்டியோடு 8. பாதி இன்னும் வரவில்லை. நம்புதாளையோடு 12. பாதியைத் தாண்டிவிட்டது. நின்றுவிடுங்கள். கிடங்கு நம்புதாளையில். பள்ளிக்கூடத்தில் புள்ளியியல் பாடத்தில் படித்த இடைநிலை அளவு இதுதான். ஊர்களை எண்ணாமல் நடைகளை எண்ணுகிறோம், அதுதான் வித்தியாசம்.

ஏன் இது சரி என்பதைப் புரிந்துகொண்டால் பிற்பாடு வருகிற சிக்கல்களையெல்லாம் நீங்களே அவிழ்க்கலாம். கிடங்கை நம்புதாளையிலிருந்து தேவிபட்டினம் திசையில் ஒரு கிலோமீட்டர் நகர்த்திப் பாருங்கள். தொண்டிக்கும் நம்புதாளைக்கும் போகிற 12 நடைகள் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர் நீளும். எதிர்ப்பக்கம் போகிற 7 நடைகள் ஒரு கிலோமீட்டர் குறையும். நிகரமாக 5 கிலோமீட்டர் நஷ்டம். சரி, மறுபக்கம் தொண்டியை நோக்கி ஒரு கிலோமீட்டர் நகர்த்துவோம். தொண்டியின் 8 நடைகள் குறையும், மற்ற 11 நடைகள் நீளும். அங்கேயும் 3 நஷ்டம். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நஷ்டம் என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

எண்களாகவும் பார்த்துவிடலாம். ஒருவழித் தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். போக வர என்றால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், எந்த இடம் சிறந்தது என்பது மாறாது. நம்புதாளையில் வைத்தால் 24 + 0 + 11 + 17 + 46 + 93, மொத்தம் 191 கி.மீ. இரண்டு கோடிக்கும் சரிநடுவான 17-வது கிலோமீட்டரில் வைத்தால் 136 + 56 + 3 + 3 + 18 + 51, மொத்தம் 267 கி.மீ. போக வர பார்த்தால் ஒரு நாளைக்கு 152 கிலோமீட்டர் வீண் ஓட்டம்.

கணக்குத் தெரிந்தவர்கள் இன்னொரு இடத்தில் வழுக்குவார்கள். தூரங்களை நடையால் பெருக்கி, கூட்டி, 19-ஆல் வகுத்துச் சராசரி காண்பார்கள். 200-ஐ 19-ஆல் வகுத்தால் சுமார் 10½ வருகிறது. நம்புதாளைக்கும் காரங்காடு விலக்குக்கும் இடையில் ஏதோ ஓர் இடம். அங்கே வைத்தால் மொத்தம் 228½ கி.மீ. நடுப்புள்ளியைவிடப் பரவாயில்லை, ஆனால் இடைநிலையைவிட 37½ அதிகம். சராசரி எப்போதும் தொலைவில் இருப்பவர் பக்கம் இழுபடும். தேவிபட்டினம் 34-இல் இல்லாமல் 44-இல் இருந்தால் சராசரி இன்னும் நகர்ந்திருக்கும். இடைநிலையோ அசையாது, அதற்கு வரிசையும் எண்ணிக்கையும் மட்டும்தான் தெரியும், தூரம் தெரியாது. அதனால்தான் மேலே தூரத்தைத் தோராயமாகப் போட்டும் துணிந்து நம்புதாளை என்று சொல்ல முடிந்தது. நடையைத் தப்பாக எண்ணினால்தான் இடம் மாறும்.

விலக்கு உள்ள ஊர்கள்

காரங்காடு பெரிய சாலையில் இல்லை. விலக்கிலிருந்து உள்ளே போக வேண்டும். அலையாத்திக் காட்டில் படகுச் சவாரி போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். உள்சாலை 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மொத்தத் தூரக் கணக்கில் ஒன்றும் ஆகாது. கிடங்கு பெரிய சாலையில் எங்கே இருந்தாலும் அந்த ஒரு நடைக்கு அதே 2 கிலோமீட்டர் கூடும். எல்லா இடத்துக்கும் ஒரே அளவு கூடுவதால் ஒப்பீட்டில் அது அடிபட்டுப் போகிறது. அதனால்தான் மேலே அதைச் சேர்க்கவில்லை. ஊரை விலக்கிலேயே இருப்பதாக வைத்து எண்ணலாம்.

கிடங்கையே உள்சாலைக்குள் கொண்டுபோனால் கதை வேறு. உள்ளே போகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மற்ற 18 நடைகளும் நீளும், ஒரே ஒரு நடை குறையும். உள்ளே நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் இந்த 18-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அந்த இடத்தில் மனை கிடைக்காவிட்டால்

பெரும்பாலும் கிடைக்காது. ஐஸுக்கு நல்ல தண்ணீர் வேண்டும், இந்தக் கரையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. மின் இணைப்பு வேண்டும். லாரி திரும்ப இடம் வேண்டும். ஆகவே கணக்கு சொல்கிற புள்ளியைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் தேட வேண்டும்.

இங்கேதான் அந்த 5-உம் 3-உம் கைகொடுக்கும். நம்புதாளையிலிருந்து தேவிபட்டினம் பக்கம் போனால் கிலோமீட்டருக்கு 5 நஷ்டம், தொண்டிப் பக்கம் போனால் 3 நஷ்டம். ஒரு மனை 6-வது கிலோமீட்டரில் கிடைக்கிறது, இன்னொன்று 1-வது கிலோமீட்டரில் கிடைக்கிறது என்றால், முதலாவதுக்கு 15 கூடும், இரண்டாவதுக்கு 6 கூடும். தொண்டிக்குள்ளேயே போட்டாலும் 9-தான் கூடும்: மொத்தம் 200. தொண்டியில் தண்ணீரும் மின்சாரமும் கையிலிருந்தால் அந்த 9 கிலோமீட்டருக்காக நம்புதாளையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. காரங்காடு விலக்கைத் தாண்டினால் நஷ்டம் கிலோமீட்டருக்கு 7 ஆகிவிடும், ஏனென்றால் அந்த ஊரின் ஒரு நடையும் பின்பக்கம் சேர்ந்துவிடுகிறது. தொலைவில் போகப் போகக் கிலோமீட்டருக்கான நஷ்டம் கூடுமே தவிரக் குறையாது. எனவே ஒவ்வொரு பக்கமும் முதலில் கிடைக்கிற மனையைப் பார்த்தால் போதும். அதையும் தாண்டி அதே பக்கத்தில் இருப்பது ஓட்டக் கணக்கில் அதைவிட நன்றாக இருக்கவே முடியாது.

தடைக்காலத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது தொண்டியின் 8 நடை 2 ஆகிவிடுகிறது என்று வைப்போம். மொத்தம் 13 நடை. தொண்டியும் நம்புதாளையும் சேர்ந்து 6, காரங்காடு சேர்ந்தால் 7. இடைநிலை காரங்காடு விலக்குக்கு நகர்ந்துவிட்டது! பயப்பட வேண்டாம். அந்த நாட்களில் நம்புதாளைக்கும் விலக்குக்கும் இடையில் 6-க்கு 7 என்ற அளவில்தான் போட்டி. கிலோமீட்டருக்கு ஒன்றே ஒன்று வித்தியாசம். நம்புதாளையிலேயே இருந்தால் மொத்தம் 173, விலக்கில் இருந்திருந்தால் 162. நாளைக்கு 11 கிலோமீட்டர். ஆண்டு முழுவதுக்கும் நடைகளைக் கூட்டிப் பார்த்தால் தொண்டி, நம்புதாளை இரண்டுக்கும் சேர்த்து 4014, மற்ற ஊர்களுக்கு 2555. நம்புதாளையே நிற்கிறது. இடம் மாறுகிறதா என்று மட்டும் பார்க்காமல், மாறினால் எவ்வளவு நஷ்டம் என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: கடைசித் தூரத்துக்கு நடுப்புள்ளி

இப்போது அவசர ஊர்தி. இதில் நடைகளை அழித்துவிடுங்கள். இடையில் உள்ள ஊர்களையும் அழித்துவிடலாம். இரண்டு கோடிகள் மட்டும் மிச்சம்: 0, 34. கூட்டி இரண்டால் வகுத்தால் 17. காரங்காடு விலக்குக்கும் உப்பூருக்கும் இடையில். அங்கிருந்து யாருக்கும் 17 கிலோமீட்டருக்கு மேல் இல்லை. ஒரு கிலோமீட்டர் இந்தப் பக்கம் நகர்ந்தால் தேவிபட்டினத்துக்கு 18, அந்தப் பக்கம் நகர்ந்தால் தொண்டிக்கு 18. நம்புதாளையில் வைத்திருந்தால் தேவிபட்டினத்துக்கு 31 ஆகியிருக்கும்.

கணக்கு இவ்வளவு சுலபமாக இருப்பதில்தான் ஆபத்து. எல்லாம் இரண்டு எண்களில் தொங்குகிறது. அந்த இரண்டில் ஒன்று தப்பானால் இடமே தப்பு.

முதலில், கோடி எது என்று யார் முடிவு செய்தார்கள்? தேவிபட்டினத்தோடு நிறுத்தாமல் இன்னும் 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டைச் சேர்த்தால் நடுப்புள்ளி 5 கிலோமீட்டர் அந்தப் பக்கம் ஓடிவிடும். வண்டியின் எல்லை எது என்பதை முதலில் எழுத்தில் முடிவு செய்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

அடுத்து விலக்கு. ஐஸ் கணக்கில் மறந்துவிடலாம் என்று சொன்ன உள்சாலை இங்கே மறக்கக்கூடாதது. தேவிபட்டினத்துக்கு அருகே ஒரு குப்பம் சாலையை விட்டு 4 கிலோமீட்டர் உள்ளே இருப்பதாக வையுங்கள். அப்படியானால் அந்தக் கோடி 34 அல்ல, 38. நடுப்புள்ளி 19. சாலையின் நடுவில் இருக்கும் காரங்காட்டுக்கு இதே கவலை இல்லை. 17-லிருந்து 3 கிலோமீட்டரும் உள்ளே 2 கிலோமீட்டரும் சேர்ந்து 5-தான். கோடிக்குப் பக்கத்தில் இருக்கும் உள்சாலைகளைத்தான் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, கிலோமீட்டரா நிமிடமா? அவசர ஊர்திக்கு நிமிடம்தான் பேச்சு. தொண்டிக் கடைத்தெருவைக் கடக்க நேரம் பிடிப்பதால் தொண்டியிலிருந்து நம்புதாளை வரையிலான 3 கிலோமீட்டருக்கு 8 நிமிடம், அதற்கப்புறம் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் என்று எடுத்துக்கொள்வோம். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் 39 நிமிடம். பாதி 19½. தொண்டியிலிருந்து 8 நிமிடத்தில் நம்புதாளை, மீதி 11½ நிமிடத்துக்கு 11½ கிலோமீட்டர். வந்து நிற்பது 14½-வது கிலோமீட்டரில். 17-இல் நிறுத்தினால் தொண்டிக்கு 22 நிமிடம் ஆகும், இங்கே நிறுத்தினால் இரண்டு கோடிக்கும் 19½. அதாவது நெரிசல் இருக்கும் கோடியை நோக்கி வண்டி நகர வேண்டும். ஐஸ் கிடங்குக்கு இதே நிமிடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஊர்களின் வரிசை மாறாததால் நம்புதாளையே வரும்.

இரண்டும் வேண்டும் என்றால்

சில நேரம் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். ஐஸ் முதலாளிக்கு மொத்தம் குறைய வேண்டும், ஆனால் தேவிபட்டினம் வியாபாரிகள் "25 கிலோமீட்டருக்கு மேல ஐஸ் வந்தா எங்களுக்குக் கட்டாது" என்கிறார்கள். இரண்டு இடத்தின் சராசரியை எடுத்து நடுவில் எங்கேயோ வைப்பது சமரசம் மாதிரித் தெரியும், ஆனால் அதற்கு எந்த அடிப்படையும் இல்லை. வரம்பை எழுதுங்கள். தேவிபட்டினத்திலிருந்து 25-க்குள் என்றால் கிடங்கு 9-வது கிலோமீட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்க வேண்டும். தொண்டியிலிருந்து 25-க்குள் என்றால் 25-வது கிலோமீட்டருக்கு இப்பால். ஆக 9 முதல் 25 வரை எங்கேயும் வைக்கலாம். இடைநிலை 3-இல் இருப்பதால், அனுமதித்த துண்டில் அதற்கு மிக அருகில் இருக்கும் முனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 9. மொத்தம் 221 கி.மீ.

இப்போது வியாபாரிகளிடம் பேச ஒரு எண் கிடைத்துவிட்டது. அவர்கள் கேட்டதைக் கொடுக்க நாளைக்கு ஒருவழியில் 30 கிலோமீட்டர், போக வர 60 கிலோமீட்டர் கூடுதலாகிறது. அதை முதலாளி தாங்குவதா, ஐஸ் விலையில் ஏற்றுவதா, வரம்பை 28-ஆகத் தளர்த்தினால் 6-வது கிலோமீட்டரில் போட்டு 206-இல் முடித்துக்கொள்ளலாமா என்பதை அவர்களே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.